டாக்டரையும் கடவுளையும் திட்டும் நண்பருக்கு வக்காலத்து வாங்காமல் பதில் சொல்வது எப்படி?

என் தோழியின் அம்மா கணையப் புற்றுநோயில் இறந்து 20 நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அவள் சொன்னாள்: "மூணு தடவ போனோம்டி. மூணு தடவயும் கேஸ் பிரச்சனைன்னு மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்புனான் அந்தாளு. கொன்னுட்டான்."

நான் உடனே பதில் சொன்னேன். "கணையத்துல வர்றத கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்டி. முக்கால்வாசி பேருக்கு முத்தின அப்புறம்தான் தெரியவே தெரியும்."

நான் சொன்னது மருத்துவப்படி சரிதான். கணையம் வயிற்றின் ஆழத்தில் இருக்கிறது. முதுகுவலி, பசியின்மை, எடை குறைவு என்று வரும் ஆரம்ப அறிகுறிகள் பத்து வேறு நோய்களுக்கும் பொருந்தும். ஆனால் அவள் "ம், இருக்கலாம்" என்றாள். ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் என்னிடம் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த இரண்டு மாதம் எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் நான் கற்றுக்கொண்டதும், பிறகு மற்றவர்களோடு உட்கார்ந்து பேசியபோது பலித்ததும்தான் கீழே இருக்கிறது.

முதலில்: அந்த வாக்கியம் எந்த வகை என்று பாருங்கள்

கோபமாக வரும் எல்லா வாக்கியமும் ஒன்றல்ல. மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

ஒன்று, வெடிப்பு. "கொன்னுட்டான்", "கடவுளுக்குக் கண்ணே இல்ல." இதற்கு விளக்கம் தேவையில்லை, கேட்க ஆள் வேண்டும். இரண்டாவது, கேள்வி போலத் தெரிவது. "ஏன் எங்க அம்மாவுக்கு மட்டும்?" இதில் "ஏன்" இருந்தாலும் விடை எதிர்பார்க்கப்படுவதில்லை. நீங்கள் விடை சொன்னால், அது எவ்வளவு அழகான விடையாக இருந்தாலும், அவர் கேட்காத ஒன்றைக் கையில் திணித்ததாகத்தான் இருக்கும். மூன்றாவது, காரியம். "அந்த ரிப்போர்ட்ட எல்லாம் வாங்கிப் பாக்கணும்", "யாருகிட்ட புகார் குடுக்கணும்?" இங்கே அவர் உதவி கேட்கிறார். இதை வெடிப்பு என்று நினைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தால் அதுவும் தவறுதான்.

எது எந்த வகை என்று தெரியாவிட்டால் வெடிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காரியமாக இருந்தால் அவரே திரும்பக் கேட்பார். ஆனால் ஒரு வெடிப்புக்குப் பாடம் நடத்திவிட்டால், அடுத்த முறை அவர் உங்களிடம் வாயைத் திறப்பது சந்தேகம்.

உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்

பதில் சொல்ல வாய் துடிக்கும் அந்த நொடியைப் பிடிக்கப் பழக வேண்டும். அந்தத் துடிப்பு நண்பருக்காக வருவது என்று நமக்குத் தோன்றும். என் விஷயத்தில் அப்படியில்லை. நாளைக்கு என் அம்மாவுக்கு முதுகு வலித்தால் நானும் அதேபோல ஒரு டாக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போவேன். அவர் தவறவிடலாம் என்பதை ஏற்க என்னால் முடியவில்லை. அதனால் நோயின் மேல் பழியைப் போட்டேன். என் பயத்துக்கு நான் மருந்து போட்டுக்கொண்டேன், அவளுடைய காயத்தின் மேல்.

கடவுள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாக இருக்கும். உங்கள் நம்பிக்கையையே அவர் பிடித்து ஆட்டுவது போலத் தோன்றும். அவர் உங்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை.

செய்ய வேண்டியது எளியது. ஒரு முறை மூச்சை முழுதாக விட்டுவிட்டு, "இப்ப நான் யாரக் காப்பாத்தப் போறேன்?" என்று மனதுக்குள் கேளுங்கள். விடை டாக்டர், கடவுள், நான் என்று வந்தால் வாயைத் திறக்காதீர்கள். அந்த இடைவெளியில் மௌனம் வந்தால் வரட்டும். நமக்குத்தான் அது நீளமாகத் தெரியும்.

முதல் பதில்: அவர் சொன்னதிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள்

அவர் சொன்ன வாக்கியத்தில் இரண்டு பகுதிகள் இருக்கும். நடந்தது ஒன்று, தீர்ப்பு ஒன்று. "மூணு தடவ போனோம்" என்பது நடந்தது. "கொன்னுட்டான்" என்பது தீர்ப்பு. நாம் பெரும்பாலும் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு சரி என்றோ தப்பு என்றோ பேச ஆரம்பித்துவிடுகிறோம். நடந்ததைப் பிடியுங்கள்.

"மூணு தடவயா..."

அவ்வளவுதான். குரலைத் தாழ்த்தி, நிதானமாக. அவள் தொடர்வாள். "ஆமா, மூணு தடவ. கடைசி தடவ அம்மாவால நாற்காலியிலகூட உக்கார முடியல." இப்போது நீங்கள் "உக்காரவே முடியலயா" என்று கேட்கலாம். டாக்டர் செய்தது சரியா தவறா என்று நீங்கள் எதையும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. ஆனால் அந்த அறைக்குள் அவளோடு போய்விட்டீர்கள்.

கிளிப்பிள்ளை மாதிரி முழு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லக் கூடாது, அது எரிச்சலைத்தான் கிளப்பும். ஒரு வார்த்தை, அதிலும் அவர் அழுத்திச் சொன்ன வார்த்தை போதும். "எனக்குப் புரியுது" என்பதை நான் அறவே விட்டுவிட்டேன். "என்ன புரியும் உனக்கு?" என்று ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் காரணம். அந்தக் கேள்வி நியாயமானது.

கூடச் சேர்ந்து திட்டவும் வேண்டாம்

மறுத்துப் பேசுவது தவறு என்றால் ஒத்து ஊதுவதுதான் வழி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். "ஆமாடி, இவனுங்க எல்லாருமே இப்படித்தான், காசுதான் குறி." கேட்கும் நேரத்தில் ஆறுதலாக இருக்கும். இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, உங்களுக்குத் தெரியாத ஒன்றை உண்மை என்று முத்திரை குத்துகிறீர்கள். அந்த டாக்டர் பார்த்தது என்ன, எழுதியது என்ன என்று நீங்கள் பார்க்கவில்லை. இரண்டாவதுதான் பெரியது. கோபம் ஒரே இடத்தில் நிற்காது. இன்று டாக்டர், நாளை அண்ணன், அதற்கடுத்த நாள் தன்மேலேயே திரும்பும். "அவன் பேச்ச நம்பி நாலு மாசம் விட்டுட்டேனே" என்று அவள் சொல்லும் நாளில், "அவன் கொலைகாரன்" என்று நீங்கள் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தால், கொலைகாரனிடம் அம்மாவைக் கூட்டிப் போனவள் அவள் என்றாகிவிடும். நீங்கள் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் அவள் காதில் அப்படித்தான் விழும்.

நோவை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். "மூணு தடவ போயும் யாரும் உக்கார வெச்சு ஒழுங்கா கேக்கலன்னா, அது தாங்க முடியாதுதான்." இதில் டாக்டரைப் பற்றி நீங்கள் தீர்ப்பு எழுதவில்லை. அவளுக்கு நடந்ததற்கு மட்டும் சாட்சி சொல்கிறீர்கள்.

அடுத்த கேள்வி டாக்டரைப் பற்றியதாக இருக்க வேண்டாம்

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளோடு உட்கார்ந்தபோது நான் கேட்டது இதுதான்: "அந்த மூணாவது தடவ போன நாள முதல்லருந்து சொல்லு. காலைல எழுந்ததுலேர்ந்து."

வரிசையாகச் சொல்லச் சொல்வதில் ஒரு பலன் இருக்கிறது. கோபம் எப்போதும் ஒரே காட்சியில் சுற்றிச் சுற்றி வரும். காலையிலிருந்து ஆரம்பித்தால் டாக்டர் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் அம்மா வருவார், வண்டி வரும், அம்மா வழியில் சொன்ன ஏதோ ஒன்று வரும். "ஏன் அன்னைக்கே வேற டாக்டர்கிட்ட போகல?", "நீ எங்க இருந்த?", "ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேக்கலயா?" இந்தக் கேள்விகளைத் தொடவே தொடாதீர்கள். கேட்பவருக்கு விவரம், கேட்கப்படுபவருக்குக் குற்றச்சாட்டு.

சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு அடையாளம் உண்டு. பேச்சில் "அவன்" குறைந்து "அம்மா" கூடும். சின்னச் சின்ன விவரங்கள் வரும், குரல் இறங்கும். தவறாகப் போகிறது என்பதற்கும் அடையாளம் இருக்கிறது. அவர் வழக்கு நடத்துவது போல ஆதாரங்களை அடுக்க ஆரம்பிப்பார், குரல் ஏறும். அல்லது "ம்", "பாக்கலாம்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டு பேச்சை மாற்றுவார். இரண்டாவது எனக்கு நடந்தது. ஒத்துக்கொண்டாள் என்று நான் அன்றைக்கு நினைத்தேன்.

அடியில் இருப்பது வெளியே வரும்போது

அந்த நாளை அவள் சொல்லி முடிக்கும்போது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மாத்திரை வாங்கிட்டு வெளிய வரும்போது அம்மா சொன்னாங்க, எதுக்கும் இன்னொரு டாக்டர பாக்கலாமான்னு. நான்தான் ஆபீஸுக்கு லேட் ஆகுதுன்னு சொன்னேன்" என்றாள்.

டாக்டர்மேல் இருந்த அத்தனை கோபத்துக்கும் கீழே இந்த ஒரு வாக்கியம் இருந்தது. எல்லோருக்கும் இப்படி ஒன்று இருக்கும் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு டாக்டர்மேல் இருக்கும் கோபம் டாக்டர்மேல் இருக்கும் கோபம்தான். ஆகவே இதைத் தோண்டி எடுக்கப் போகாதீர்கள். வந்தால் மட்டும் கையில் வாங்குங்கள்.

"சீ, உன் தப்பு என்ன இதுல?" என்று நாக்கு நுனியில் வரும். அதுவும் ஒரு வக்காலத்துதான், இந்த முறை அவளுக்காக அவளிடமே. அவசரமாகச் சொன்னால் அந்த வாக்கியத்தை மீண்டும் உள்ளே தள்ளிவிடும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இத இவ்வளவு நாளா தனியா வெச்சிருந்தியா?" என்று மட்டும் கேட்டேன். நிறைய அழுதாள். வெகுநேரம் கழித்துத்தான், "இன்னைக்குத் தெரிஞ்சத வெச்சு அன்னைக்கு இருந்த உன்னத் திட்டுற. அன்னைக்கு உன் கையில இருந்தது கேஸ் மாத்திரைச் சீட்டு மட்டும்தான்" என்றேன். அவள் ஏற்றுக்கொண்டாளா தெரியவில்லை. எதிர்த்துப் பேசவில்லை.

கடவுளைத் திட்டும்போது

அடிப்படை மாறாது. தீர்ப்பை விட்டுவிட்டு நடந்ததைப் பிடிக்க வேண்டும். "தினமும் வேண்டிக்கிட்டேன், கேக்கவே இல்ல" என்றால் "தினமுமா?" என்பதே பதில். "என்னன்னு வேண்டிக்கிட்ட?" என்று கேட்டால் இன்னும் ஆழமாகப் போகும்.

நம்பிக்கை உள்ளவர்கள் சொல்ல நினைக்கும் வாக்கியங்கள் எல்லாருக்கும் தெரியும்: எல்லாம் நன்மைக்கே, விதி, முன்வினை, நல்லவங்களத்தான் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார். இவற்றில் "முன்வினை" என்பதை மட்டும் வாழ்நாளில் யார் துக்கத்திலும் சொல்லிவிடாதீர்கள். இறந்தவரையே குற்றவாளி ஆக்கும் வார்த்தை அது. நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "அதான் நான் அப்பவே சொன்னேனே, அப்படி ஒருத்தர் கிடையாது" என்பதும் வாதம்தான். கடவுளோடு சண்டை போடுகிறவருக்குச் சண்டை போட ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளையும் இந்த நேரத்தில் பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சண்டை தெய்வ நிந்தனை ஆகிவிடுமோ என்று சில நண்பர்கள் தாங்களே பதறுவார்கள். "இப்படிப் பேசக் கூடாதுதான், பாவம்தான்" என்பார்கள். அவர்களுக்கு நான் புறநானூற்றின் 194ஆம் பாட்டைச் சொல்வதுண்டு. ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு, ஒரே நேரத்தில். அதைக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், இப்படிப் படைத்தவனைப் "பண்பிலாளன்" என்கிறார். அந்தப் பாட்டை யாரும் அடித்துவிடவில்லை, தொகுத்து வைத்திருக்கிறார்கள். பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஏழு இரவு அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து கடவுளுக்காக வாதாட ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அவர்களிடம்தான், புலம்பிய யோபுவிடம் அல்ல. நண்பர் தன் கோபத்துக்காகத் தானே பயப்பட்டால் மட்டும் இதைச் சொல்லுங்கள். அவர் கேட்காமல் சொன்னால் இதுவும் பிரசங்கம் ஆகிவிடும்.

நேராகக் கேட்டுவிட்டால்

"நீயே சொல்லு, அந்த டாக்டர்மேல தப்பு இல்லயா?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்டால் மழுப்பக் கூடாது. மழுப்பினால் எதிர்க்கட்சி என்று அவர் முடிவு கட்டிவிடுவார். உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாக. "எனக்குத் தெரியல. ரிப்போர்ட்ட நான் பாக்கல. மூணு தடவ போயும் உங்க பேச்ச கேக்கலன்னு நீ சொல்றத நான் நம்புறேன்." நீங்களே டாக்டராகவோ நர்ஸாகவோ இருந்தால் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். அப்போதும் இதே பதில்தான். உங்கள் தொழிலின் பிரதிநிதியாக அங்கே உட்காரவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

"நீ இன்னும் சாமி கும்பிடுறியா?" என்றால், "கும்பிடுறேன். உன் அம்மாவுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்கும் பதில் தெரியல." நிறுத்திவிடுங்கள். அடுத்த வாக்கியம் "ஆனா..." என்று ஆரம்பித்தால் அதை விழுங்கிவிடுங்கள்.

பக்கத்தில் இருக்கும் மூன்றாம் ஆள் வாதம் பண்ண ஆரம்பித்தால், அவரோடும் வாதம் வேண்டாம். "அவ சொல்லி முடிக்கட்டும் மாமா" என்றால் போதும்.

காரியமாகக் கேட்டால் காரியம் செய்யுங்கள்

"விட்டுத் தள்ளு, போனவங்க வரவா போறாங்க" என்பதும் டாக்டருக்கு வாங்கும் வக்காலத்துதான். சில நேரம் உண்மையாகவே தவறு நடந்திருக்கும், அதைத் தெரிந்துகொள்ள வீட்டாருக்கு உரிமை இருக்கிறது. ஒரு நோட்டில் தேதி, பார்த்த டாக்டர், சொன்ன அறிகுறி, கிடைத்த மருந்து என்று வரிசையாக எழுத உதவுங்கள். சீட்டுகளையும் ஸ்கேன்களையும் ஒரே உறையில் போடுங்கள். சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேட்கலாம். சிகிச்சை பார்த்தவரைச் சந்தித்துக் கேள்வி கேட்க நேரம் வாங்கலாம். அந்தச் சந்திப்புக்கு நீங்களும் கூடப் போய், பதில்களை எழுதும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுப்பதா என்ற முடிவை அவரே எடுக்கட்டும். ஆனால் பதிவுகள் கேட்பதைத் தள்ளிப்போட வேண்டாம், புகாருக்கு ஊருக்கு ஊர் காலக்கெடு இருக்கும். இன்னொரு டாக்டர் பதிவுகளைப் பார்த்துவிட்டு "அன்றைக்கு இருந்த அறிகுறியில் யாருக்கும் தெரிந்திருக்காது" என்று சொல்லலாம். அந்த வாக்கியம் அவர் கேட்டு, அவர் தேடிப் போய்க் கிடைக்கும்போது வேறு மாதிரி இறங்கும். நான் 20ஆம் நாளில் சொன்னதும் அதே வாக்கியம்தான்.

இங்கே மட்டும் வேறு மாதிரி

"அவன் வீடு எங்கன்னு தெரியும்" என்பது போல ஆள், இடம், நேரம் என்று பேச்சு திட்டமாக மாறினால், கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். "நீ அத செய்யணும்னு நிஜமா நினைக்கிறியா?" என்று நேராகக் கேளுங்கள். "நானும் அம்மாகூடவே போயிருக்கலாம்" என்றாலும் அப்படியே. "சாகணும்னு தோணுதா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டாரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மனநல உதவிக்கு அழைத்துப் போங்கள். ரகசியம் காப்பதாக நீங்கள் கொடுத்த வாக்கு இந்த இடத்தில் செல்லாது.

கோபம் எத்தனை மாதம் இருந்தால் அதிகம்? கோபத்துக்குத் தனியாகக் கெடு எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 6 மாதத்துக்கு மேலும் துக்கம் கொஞ்சமும் தணியாமல் தினசரி வாழ்க்கையையே முடக்கிப் போட்டிருந்தால்தான் அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகக் கணக்கில் எடுக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வருடம் கழித்தும் அந்த டாக்டரின் பெயரைக் கேட்டால் முகம் சிவக்கிறவர் நோயாளி இல்லை.

ஏற்கனவே வாதம் பண்ணிவிட்டீர்களா?

நான் பண்ணியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஃபோன் செய்தேன். மன்னிப்பில் விளக்கத்தைச் சேர்க்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று ஒரு வரி சேர்ந்தாலே மறுபடி வாதம் ஆகிவிடும் என்று முதலில் ஒரு தாளில் எழுதி, பாதியை அடித்துவிட்டுத்தான் பேசினேன்.

"அன்னைக்கு மூணு தடவ போனோம்னு நீ சொன்ன. நான் உன்னக் கேக்காம நோயப் பத்திப் பேசிட்டேன். அது தப்பு. இப்ப கேக்கணும்னு இருக்கு, நீ சொல்ற மாதிரி இருந்தா."

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"மூணாவது தடவ அம்மா தலைய நல்லா வாரிக்கிட்டு வந்தாங்கடி," என்றாள். "டாக்டர் முன்னாடி நோயாளி மாதிரி இருக்கக் கூடாதாம்." பிறகு, "நாளைக்கு வர்றியா?" என்று கேட்டாள்.